ஒருமுறை கேட்டும் புரியாத வானொலிச் செய்தி: அறிகுறியிலிருந்து பிழைக்கு

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த ஒரு செய்தி ஒலிபரப்பான கால் மணி நேரத்தில் நிலையத்தின் தொலைபேசி ஓயாமல் அடித்தது. அழைத்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: "குடிநீரை எப்போதிலிருந்து நிறுத்துகிறீர்கள்?" குடிநீர் நிறுத்தப்படாது என்றுதான் எழுதியிருந்தேன். வாசித்தவரும் பிழையில்லாமல் வாசித்திருந்தார். அந்தப் பத்தி இதுதான்:

"தொடர் மழை காரணமாக மேல் அணையிலிருந்து விநாடிக்கு 12,450 கன அடி நீர் திறந்துவிடப்பட்டுள்ளதால், ஆற்றின் இரு கரைகளிலும் பழைய பாலம், படித்துறைத் தெரு உள்ளிட்ட தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல வேண்டும் என்றும், குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும் என்று பரவிவரும் தகவலில் உண்மையில்லை என்றும் நீர்வளத் துறையின் தலைமைப் பொறியாளர் தெரிவித்துள்ளார்."

தாளில் படித்தால் குறை தெரியாது. கண் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. இந்தப் பத்தியை வைத்துக்கொண்டே, எந்த அறிகுறிக்கு எங்கே பிழை தேடுவது, எப்படிச் சரிசெய்வது என்று பார்க்கலாம்.

முதலில் அறிகுறியைக் கண்டுபிடியுங்கள்

எழுதியவருக்குத் தன் செய்தி எப்போதும் புரியும். ஆகவே அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைப் பிடியுங்கள். அவர் கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், துணி மடிப்பதோ பாத்திரம் துலக்குவதோ. பெரும்பாலான நேயர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். வாசிப்பு வேகத்தில் ஒரேயொரு முறை சத்தமாக வாசியுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, "அந்தச் செய்தியில் என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். திருப்பிச் சொல்லும்போது அவர் எங்கே தடுமாறுகிறாரோ, எதை மாற்றிச் சொல்கிறாரோ, அதுதான் அறிகுறி.

அறிகுறி: நேயர் செய்தியை நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்

மிகவும் ஆபத்தான அறிகுறி இதுதான். காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் வாக்கியம் வினையில் முடிகிறது. "உண்டு", "இல்லை" என்ற தீர்ப்பும் அந்த வினையோடு கடைசியில்தான் வருகிறது. "குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும் என்று பரவிவரும் தகவலில்…" என்பதுவரை கேட்டவருக்குக் குடிநீர் நின்றுவிட்டது. எந்தக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது என்று மனம் ஓடத் தொடங்கியபின் வருகிற "உண்மையில்லை என்றும்" காதில் விழுவதில்லை.

எதிர்மறை விகுதி ஒலியிலும் மெலிந்தது. "உயரும்", "உயராது" இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். வேறுபாடு கடைசி அசைகளில் மட்டும் இருக்கிறது. வாக்கியம் முடியும் இடத்தில் வாசிப்பவரின் குரல் இறங்குவது இயல்பு. செய்தியின் உயிர் குரல் இறங்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

சரிசெய்வதற்கு நான் முதலில் தேடுவது உடன்பாட்டு வினை. "பேருந்துக் கட்டணம் உயராது" என்பதைவிட "பேருந்துக் கட்டணம் பழைய அளவிலேயே தொடரும்" என்பது பாதுகாப்பானது. கடைசி அசை தவறிப்போனாலும் "பழைய" என்ற சொல் பொருளைக் காப்பாற்றிவிடும். "குடிநீர் நிறுத்தப்படாது" என்பதற்குப் பதிலாக "குடிநீர் வழக்கம்போல் வரும்" என்று எழுதினால் "நிறுத்த" என்ற சொல்லே காதுக்குப் போவதில்லை.

வதந்தியைக் குறிப்பிட்டே ஆக வேண்டிய நேரமும் வரும். அப்போது "வதந்தி" என்ற சொல்லை முதலில் வையுங்கள்: "குடிநீர் பற்றி ஒரு வதந்தி பரவுகிறது. அதை நம்ப வேண்டாம். குடிநீர் வழக்கம்போல் வரும்." பரவுவது பொய் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. வதந்தியின் வாசகத்தை ஒலிபரப்பவே இல்லை என்பதையும் கவனியுங்கள். நேயர் பாதியில் வானொலியைத் திருப்பினால்கூட அவர் காதில் தவறான சொல் விழாது.

அறிகுறி: "யாரையோ பற்றி ஏதோ சொன்னீர்கள்"

திருப்பிச் சொல்பவருக்குச் சில சொற்கள் நினைவிருக்கின்றன. யார் என்ன செய்தார் என்பது இல்லை. அல்லது உள்ளே புதைந்திருந்த ஒரு சிறு நிகழ்வை முக்கியச் செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் கொடுக்கும் மாதிரி இது:

"நேற்று முன்தினம் கைது செய்யப்பட்டு விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்ட துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர் முன்வைத்த கோரிக்கைகளைப் பரிசீலிக்க அமைக்கப்பட்ட குழு தனது அறிக்கையை இன்று தாக்கல் செய்தது."

இதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் "சங்கத் தலைவரைக் கைது செய்துவிட்டார்களாம்" என்கிறார்கள். செய்தி கைதைப் பற்றியதே அல்ல.

பென்சிலை எடுத்து முற்றுப்பெறாத வினைகளை வட்டமிடுங்கள்: கைது செய்யப்பட்டு, விடுவிக்கப்பட்ட, முன்வைத்த, பரிசீலிக்க, அமைக்கப்பட்ட. ஐந்து எச்சங்கள். முற்று ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். எச்சம் என்றாலே எஞ்சி நிற்பது என்று பொருள். ஒவ்வொரு எச்சமும் நேயரின் மனத்தில் முடியாமல் காத்து நிற்கிறது. ஒன்றைத் தாங்கலாம், இரண்டாவது பளுவாகிறது, மூன்றாவது வந்ததும் முதலாவது கீழே விழுந்துவிடுகிறது. பெயரெச்சம் இன்னும் கடினம். எந்தப் பெயரைத் தழுவப்போகிறது என்பது அந்தப் பெயர் வரும்வரை தெரியாது.

ஆகவே ஒரு முற்றுக்கு முன்னால் ஓர் எச்சம் போதும் என்பது என் கணக்கு. வாக்கியத்தைச் சொல் எண்ணி அளப்பதைவிட இது நம்பகமானது. எட்டே சொல்லில் மூன்று எச்சம் வைத்துக் குழப்பலாம். பதினைந்து சொல்லிலும் எச்சமில்லாமல் தெளிவாகச் சொல்லலாம்.

பிரிக்கும்போது முன்னாலிருந்து வெட்டிக்கொண்டு வராதீர்கள். வந்தால் கைதுதான் முதல் வாக்கியமாகும். கடைசி முற்றை முதலில் எடுங்கள்:

"துறைமுகத் தொழிலாளர் கோரிக்கை பற்றிய அறிக்கை இன்று தாக்கலானது. அந்தக் கோரிக்கைகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. கோரிக்கைகளை முன்வைத்தவர், தொழிலாளர் சங்கத் தலைவர். அவர் நேற்று முன்தினம் கைதாகி, பின்னர் விடுதலையானார்."

இப்படிப் பிரித்ததும் இரண்டு ஓட்டைகள் வெளிப்படுகின்றன. குழுவை அமைத்தது யார்? யாரிடம் தாக்கல் செய்தார்கள்? மூலத்திலும் இவை இல்லைதான். நீள வாக்கியத்தின் இரைச்சலில் இல்லாதது தெரியவில்லை. ஊகித்து எழுதாமல் செய்தியாளரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். கைது பற்றிய கடைசி வாக்கியம் வேண்டுமா என்பதையும் இப்போது தீர்மானிக்கலாம். நானாக இருந்தால் எடுத்துவிடுவேன். முந்தைய நாளே ஒலிபரப்பான செய்தி அது. இன்றைய செய்தியின் பொருள் அதனால் மாறுவதில்லை.

அறிகுறி: "வானொலியே சொல்லிவிட்டது"

சங்கம் வைத்த குற்றச்சாட்டை நேயர் நிலையத்தின் கூற்றாக எடுத்துக்கொள்கிறார். இதற்கும் வேர் கடைசியில் வரும் வினைதான். அச்சுத் தமிழில் கூற்று முன்னே வரும். "என்று இன்னார் தெரிவித்தார்" பின்னே வரும்.

"சுரங்க விபத்துக்கு நிர்வாகத்தின் அலட்சியமே காரணம், பலமுறை எச்சரித்தும் பழுதான கம்பிவடம் மாற்றப்படவில்லை என்று தொழிலாளர் சங்கம் குற்றம் சாட்டியது."

"மாற்றப்படவில்லை" வரை செய்தி வாசிப்பாளரே தீர்ப்புச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. மேற்கோள் குறி போட்டாலும் பயனில்லை, அது ஒலிக்காது. அடைப்புக்குறியும் அப்படியே. ஆளை முன்னே கொண்டுவாருங்கள்:

"சுரங்க நிர்வாகம் மீது தொழிலாளர் சங்கம் குற்றம் சாட்டியுள்ளது. விபத்துக்கு நிர்வாகத்தின் அலட்சியமே காரணம் என்கிறது சங்கம். கம்பிவடம் பழுதானது பற்றிப் பலமுறை எச்சரித்ததாகவும், நிர்வாகம் அதை மாற்றவில்லை என்றும் சங்கத்தினர் கூறினர்."

இதில் புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் வாக்கியத்தில் ஆளைச் சொல்லிவிட்டோமே என்று அடுத்த வாக்கியத்தை "நிர்வாகம் கம்பிவடத்தை மாற்றவில்லை" என்று வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். முற்றுப்புள்ளி விழுந்ததும் முன் வாக்கியத்தின் பொறுப்பு முடிந்துபோகிறது. கூற்று நீளும் வரை ஒவ்வொரு வாக்கியத்திலும் அது யாருடையது என்ற அடையாளம் இருக்க வேண்டும். பேச்சில் நாம் இதற்கு "மாற்றவில்லையாம்" என்று ஓர் "ஆம்" சேர்ப்போம். செய்தியில் அதைச் சேர்த்தால் வாசிப்பவரே நம்பவில்லை என்ற தொனி வந்துவிடும். "என்கிறது", "கூறினர்", "அவர்கள் சொல்வதன்படி" ஆகியவை அந்தத் தொனி இல்லாதவை. எழுவாயைப் பின்னே தள்ளும் "என்கிறது சங்கம்" என்ற அமைப்பு காதுக்கு இயல்பானது. ஒரு செய்திக்கு ஒரு தடவைக்கு மேல் வந்தால் விளம்பரக் குரல்போல் ஆகிவிடும்.

அறிகுறி: எண் நினைவில்லை, அல்லது வேறு எண்

12,450 கன அடி என்பதைத் திருப்பிச் சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கரையில் வசிப்பவருக்கு அந்த எண் பயன்படுவதும் இல்லை. தண்ணீர் தன் வாசலுக்கு எப்போது வரும் என்பதுதான் அவருக்கு வேண்டும். அன்று நான் செய்திருக்க வேண்டியது, துறைக்கு இன்னொரு முறை அழைத்து அந்த நேரத்தைக் கேட்பது.

எண் தேவைப்படும்போது காதுக்கேற்ற வடிவத்தில் கொடுக்கத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன: அரை, கால், முக்கால், ஒன்றரை, மடங்கு. 3,47,892 என்பது "ஏறத்தாழ மூன்றரை லட்சம்". 25 சதவீதம் என்பது "நான்கில் ஒரு பங்கு". 4.2 சதவீதம் 8.3 ஆனால் "கிட்டத்தட்ட இரண்டு மடங்கு". உயிரிழந்தவர் எண்ணிக்கையையும் தேர்தல் முடிவையும் மட்டும் இப்படித் தோராயமாக்க வேண்டாம். அங்கே ஒவ்வொன்றும் ஓர் ஆள், ஒரு வாக்கு.

எழுநூறும் எண்ணூறும், தொண்ணூறும் தொள்ளாயிரமும், பதினேழும் பதினெட்டும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும். முக்கியமான எண் இவற்றில் ஒன்றானால் அடுத்த வாக்கியத்தில் இன்னொரு முறை சொல்ல வழி பாருங்கள். எழுத்துப்படியில் எண்களை எழுத்தால் எழுதிவிடுவது நல்லது. இலக்கங்களைப் பார்த்து மைக் முன்னால் கணக்குப் போடும் வேலை வாசிப்பவருக்கு வேண்டாம்.

"முறையே" என்ற சொல்லை மட்டும் கண்டவுடன் அடித்துவிடுங்கள். "முதல், இரண்டாம், மூன்றாம் மண்டலங்களில் முறையே 12, 9, 14 பேர்" என்றால் நேயர் மூன்று பெயரை ஒரு கையிலும் மூன்று எண்ணை மறு கையிலும் ஏந்திக்கொண்டு இணை சேர்க்க வேண்டும். அதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். "மூன்றாம் மண்டலத்தில்தான் அதிகம், பதினான்கு பேர்" என்று சொல்லி மற்ற இரண்டையும் மொத்தத்தில் சேர்த்துவிடலாம்.

அறிகுறி: "எந்த அவர்?"

ஒரு செய்தியில் இரண்டு பேர் வந்தாலே "அவர்" பயனற்றுப்போகிறது. பெயரையோ பதவியையோ திரும்பச் சொல்லுங்கள். கட்டுரையில் கூறியது கூறல் குற்றம். வானொலியில் அது உதவி. "மேற்கண்ட", "பின்வரும்" இரண்டுக்கும் ஒலியில் இடமில்லை. "முன்னாள்", "இந்நாள்" அடுத்தடுத்து வந்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கும். "இப்போதைய" என்று மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: சொல் வேறாகக் கேட்கிறது

ஆறு நதியா, எண்ணா? "ஆறு ஊர்களைச் சூழ்ந்தது" என்ற வாக்கியம் ஒருமுறை என் மேசைக்கு வந்தது. ஊர்களைச் சூழ்ந்தது ஆறா, ஆறு ஊர்களைச் சூழ்ந்தது வெள்ளமா என்று எனக்கே விளங்கவில்லை. "ஆற்று வெள்ளம்" என்று எழுதினால் தீர்ந்தது. லகர, ளகர, ழகரமும் ரகர, றகரமும் பலர் காதில் ஒன்றாகிவிடுகின்றன. "ஒளி" என்று தனியாக வந்தால் "வெளிச்சம்" என்று மாற்றலாம். சூழல் தெளிவாக்கும் இடத்தில் மாற்ற வேண்டியதில்லை. வெள்ளச் செய்தியில் யாரும் வெல்லத்தை நினைக்கமாட்டார்கள்.

வாசிப்பவருக்கு ஏற்படும் குழப்பம் வேறு வகை. நம் எழுத்து "க"வையும் "ப"வையும் எப்படி ஒலிப்பது என்று காட்டாது. புழக்கமில்லாத வெளிநாட்டுப் பெயர் வந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒலிப்பைக் குறித்து வையுங்கள்; "பம்பாயின் முதல் ப போல" என்பதுபோலத் தெரிந்த ஒரு சொல்லைக் காட்டினால் போதும்.

அறிகுறி: எல்லாம் கேட்டது, கதை சேரவில்லை

மேலே சொன்னதையெல்லாம் செய்து முடித்த பிறகு வரும் அறிகுறி இது. திருப்பிச் சொல்பவர் நான்கு தகவலையும் சரியாகச் சொல்கிறார். ஆனால் ஏன் என்று கேட்டால் விழிக்கிறார்.

"மேல் அணை திறக்கப்பட்டுள்ளது. ஆற்றில் நீர் உயர்ந்துள்ளது. பாலம் மூடப்பட்டுள்ளது. பேருந்துகள் மாற்றிவிடப்பட்டுள்ளன."

நீள வாக்கியத்தை வெட்டும்போது கூடவே வெட்டுப்பட்டவை "ஆல்", "உம்", "ஆகவே" ஆகியவை. எச்சங்களும் வேற்றுமை உருபுகளும்தான் தமிழில் காரண காரியத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்த இடத்தில் ஓர் இணைப்புச் சொல்லை வைக்க வேண்டும்: அதனால், ஆனால், அதற்குள், இதற்கிடையே. மேலே உள்ள நான்கும் "உள்ளது, உள்ளது" என்று ஒரே தாளத்தில் முடிவதையும் பாருங்கள். மூன்றாவது "உள்ளது"க்குப் பின் காது மூடிக்கொள்கிறது. "அணை காலையில் திறந்தது. அதனால் ஆற்றில் நீர் உயர்ந்துவருகிறது. பாலத்தை மூடிவிட்டார்கள், பேருந்துகள் சுற்றுப்பாதையில் போகின்றன." முடிவுகள் வேறுவேறாக, நீளமும் ஒன்றுபோல் இல்லாமல் இருக்கும்போது கேட்க இதமாகிறது. ஒரு முற்றுக்கு முன்னால் ஓர் எச்சத்தை விட்டுவைத்தது இதற்காகவும்தான்.

அந்தப் பத்தியைத் திருத்தினால்

துறைக்கு மறுபடி அழைத்து, தண்ணீர் மாலை ஆறு மணிவாக்கில் நகருக்கு வரும் என்று தெரிந்துகொண்டதாக வைத்துக்கொள்வோம். நான் இப்படி எழுதுவேன்:

"ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு நீர்வளத் துறை ஓர் எச்சரிக்கை விடுத்துள்ளது. மேல் அணை இன்று காலை திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் மாலை ஆறு மணிவாக்கில் நகரத்துக்கு வந்துசேரும். ஆகவே தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் மாலைக்குள் மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். முக்கியமாக, பழைய பாலத்தின் அருகிலும் படித்துறைத் தெருவிலும் இருப்பவர்கள் உடனே கிளம்ப வேண்டும். குடிநீர் வழக்கம்போல் வரும் என்று துறையின் தலைமைப் பொறியாளர் உறுதி அளித்தார். இதுபற்றி வதந்தி பரவுகிறது. அதை நம்ப வேண்டாம் என்கிறார் அவர்."

முதல் வாக்கியம் தகவலைச் சொல்வதற்கு முன் ஆளைக் கூப்பிடுகிறது. காது திரும்ப இரண்டு மூன்று சொல் பிடிக்கும். அந்த இடத்தில் எண்ணையோ தெரியாத பெயரையோ வைத்தால் வீணாகிவிடும். கன அடி போய்விட்டது. ஆறு மணி ஒருமுறை வந்தது; அதை "மாலைக்குள்" என்று மறுபடி தொட்டிருக்கிறேன். கடைசியில் வரும் "அவர்" குழப்பாது, ஏனென்றால் இந்தச் செய்தியில் ஆள் ஒருவர்தான்.

இது பழைய பத்தியைவிடச் சற்று நீளம். நான் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல் வாசிப்பேன். இதற்கு முப்பது விநாடிக்குமேல் பிடிக்கிறது. உங்கள் வாசிப்பாளரின் வேகம் வேறாக இருக்கும், கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். நேரம் போதவில்லையென்றால் வாசிப்பை முடுக்காதீர்கள். ஒரு செய்தியையே எடுத்துவிடுங்கள். அன்றைய அறிக்கையில் இதன் பின்னால் ஒரு கண்காட்சித் தொடக்க விழா இருந்தது. அதை எடுத்திருக்கலாம்.

திருத்திய படியை அதே ஆளிடம் வாசித்துச் சோதிக்கக் கூடாது. அவருக்குச் செய்தி ஏற்கெனவே தெரியும். புதிதாக ஒருவரைத் தேடுங்கள். தட்டச்சில் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு, ஒரு வாக்கியம் தாளின் கடைசியில் பாதியில் நின்று மறுதாளில் தொடராதபடி பார்த்துக்கொண்டு, வாசிப்பவர் கையில் ஒலிபரப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கொடுங்கள். அவர் வாய்விட்டு வாசித்து, நாக்கு இடறும் இடத்தில் கோடிடுவார். அந்தக் கோடுகளைத் திருத்த அந்தப் பத்து நிமிடம் வேண்டும்.